‘மாமாவுக்கு வணக்கம் சொல்லு’: எத்தனை முறை?

கோடை விடுமுறை, கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்று வீடுகளில் உறவினர் வரத்து கூடியிருக்கும் காலம் இது. விருந்தினர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஒரு குரல் எழுகிறது: “யாரு வந்திருக்காங்க பாரு! மாமாவுக்கு வணக்கம் சொல்லு.” இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைக்கிறது. மறுபடியும் “சொல்லு” வருகிறது. “வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரிக்கிறார்கள். மூன்றாவது “சொல்லு”வில் குழந்தை அழுதுவிடுகிறது. அம்மா முகம் சுண்டிப்போகிறது. வந்தவர் “பரவாயில்லம்மா” என்கிறார், ஆனால் யாருக்கும் அது பரவாயில்லாமல் இல்லை.

பள்ளியிலும் விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் நாம் குழந்தைகளுக்குப் பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் பற்றிச் சொல்லித்தருகிறோம். பிடிக்காவிட்டால் ‘வேண்டாம்’ என்று சொல் என்கிறோம். அதே குழந்தையிடம் வீட்டுக் கூடத்தில் “தாத்தா கேக்குறாங்கல்ல, ஒரு முத்தம் குடு” என்கிறோம். இந்த இரண்டு பேச்சும் ஒரே வீட்டில் நடப்பதால்தான், மரியாதை எங்கே முடிகிறது, வற்புறுத்தல் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியை இளம் பெற்றோர் பலர் இன்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

வந்தவரை வரவேற்கக் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டும், மழலை வயதிலேயே தர வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் விருந்தினர் வாசலில் நிற்கும் அந்த அரை நிமிடம் பாடம் நடத்துவதற்கான நேரம் அன்று. அந்த நேரத்தில் ஒரு முறை நினைவூட்டலாம், அவ்வளவே. கற்பிக்க வேண்டியதை வேறு பொழுதில் கற்பிக்காமல், எல்லோர் முன்பும் வாசலில் வைத்துத் தேர்வு நடத்துவதால்தான் தூண்டுதல் வற்புறுத்தலாகிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

குழந்தை பார்க்கும் விருந்தினர்

பெற்றோருக்கு வந்திருப்பவர் திருநெல்வேலிப் பெரியப்பா. கல்யாணத்தில் முன்னின்று எல்லாம் செய்தவர், போன மாதம்கூட போனில் பேசியவர். குழந்தைக்கோ அவர் தன்னைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உயரமான, மீசை வைத்த, புது வாசனை வீசும் ஓர் உருவம். அந்த உருவம் சத்தமாகப் பேசிக்கொண்டே வேகமாக நெருங்கி, முகத்துக்கு நேராகக் குனிகிறது. ஆறு மாதத்துக்கு முன் இதே பெரியப்பா மடியில் விளையாடியது குழந்தைக்கு நினைவிருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இரண்டு வயதில் ஆறு மாதம் என்பது வாழ்நாளில் கால் பங்கு.

புதியவரைக் கண்டு தயங்குவது வளர்ச்சியில் வரவேண்டிய ஒரு கட்டம். எட்டாம் மாதத்தை ஒட்டி இந்த அச்சம் தலைகாட்டுவதை ரெனே ஸ்பிட்ஸ் என்ற மனநல மருத்துவர் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே விவரித்தார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பெற்றோருக்காக வெளியிடும் வளர்ச்சிப் பட்டியலில், ஒன்பதாம் மாதத்தில் எதிர்பார்க்க வேண்டியவற்றில் ஒன்றாகவே புதியவரிடம் காட்டும் கூச்சமும் ஒட்டிக்கொள்ளுதலும் இடம்பெற்றிருக்கின்றன. கையசைத்து டாட்டா காட்டுவது அதே பட்டியலில் பன்னிரண்டாம் மாதத்தில்தான் வருகிறது. அதாவது, வரவேற்கக் கை எழும் முன்பே தயக்கம் வந்துவிடுகிறது. அம்மா யார், அப்பா யார், மற்றவர் யார் என்று பிரித்தறியும் அறிவு வந்ததன் அடையாளம் அது. பெரும்பாலான குழந்தைகளிடம் இரண்டு, மூன்று வயதுக்குள் அது மெல்லத் தணிகிறது.

எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவில் தணிவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய குரல்களை ஒலிக்கவிட்டும் தொங்கும் வண்ணப் பொம்மைகளைக் காட்டியும் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகால்களை உதறி அழுதது. அந்தக் குழந்தைகளில் பலர் இரண்டு வயதை நெருங்கும்போது புதிய மனிதர்கள், புதிய இடங்கள் முன்னால் மற்றவர்களைவிட அதிகம் ஒடுங்கினார்கள். வளர்ப்பு தொடங்கும் முன்பே உடலோடு வந்துவிட்ட குணம் இது. எனவே “அக்கா பிள்ளை எவ்வளவு கலகலன்னு பேசுது, இது மட்டும் ஏன் இப்படி” என்ற ஒப்பீட்டுக்குப் பதில் பல வேளைகளில் வளர்ப்பில் இல்லை.

இப்படி ஒடுங்கும் குழந்தையின் உடலைக் கவனித்தால் விஷயம் புரியும். விளையாடிய கை அப்படியே நிற்கும். விரல் வாய்க்குப் போகும். பார்வை தரையிலோ ஓரத்திலோ இருக்கும். அம்மாவின் புடவையையோ சுடிதாரையோ பிடித்த பிடி இறுகும். அச்சத்தில் முதலில் அடைபடுவது பேச்சு. வீட்டில் நாள் முழுக்கப் பேசும் குழந்தை வாசலில் வாய் திறக்காமல் நிற்பதை நாம் பிடிவாதம் என்று படிக்கிறோம். உண்மையில் அப்போது அதனால் சொல்ல முடியவில்லை. முடியாததைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது, குழந்தை வணக்கம் சொல்லக் கற்றுக்கொள்வதில்லை. மணி அடித்தால் ஏதோ சங்கடம் வரப்போகிறது என்று கற்றுக்கொள்கிறது.

சொல்லித் தராமல் வராது

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். தானாக வரட்டும் என்று விட்டுவிட்டால் எந்தக் குழந்தை வணக்கம் சொல்லும்? ஆய்வும் இந்தக் கேள்வியின் பக்கமே நிற்கிறது. 1980-இல் எஸ்தர் கிரைஃப், ஜீன் பெர்கோ கிளீசன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 22 குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் கவனித்தார்கள். ஆய்வுக்கூடப் பணியாளர் வந்து முகமன் கூறி, குழந்தைக்கு ஒரு பரிசு கொடுத்து, விடைபெற்றுப் போவார். ‘ஹாய்’, ‘நன்றி’, ‘போய்வருகிறேன்’ ஆகிய மூன்றையும் குழந்தைகள் தாமாகச் சொன்னது குறைவு; நன்றி சொன்னது மிகக் குறைவு. பெற்றோர் ‘சொல்லு’ என்று எடுத்துக்கொடுத்தார்கள். எடுத்துக்கொடுத்தபோது குழந்தைகள் பெரும்பாலும் சொல்லிவிட்டார்கள்.

மரியாதைச் சொற்கள் மற்ற சொற்களைப் போலத் தேவையிலிருந்து பிறப்பவை அல்ல. ‘பால்’ என்று சொன்னால் பால் வரும்; ‘வாங்க’ என்று சொன்னால் குழந்தைக்கு எதுவும் வராது. அதனால் பெரியவர் எடுத்துக்கொடுத்துத்தான் அது நாவில் ஏற வேண்டும். தூண்டுதலே தவறு என்று சொல்பவர்களோடு நான் உடன்படாதது இதனால்தான்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. பெற்றோர் தாங்கள் அந்தப் பணியாளரிடம் நன்றியும் விடையும் சொன்னார்களா என்று பார்த்தபோது, தந்தையரைவிடத் தாய்மார்களே அதிகம் சொல்லியிருந்தார்கள். குழந்தையைச் சொல்லச் சொல்லும் பெரியவர் தானும் அதைச் சொல்வார் என்ற உறுதி இல்லை. நம் வீடுகளில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். பெரியவர்கள் விருந்தினரிடம் சொல்வது ‘வாங்க, வாங்க, உக்காருங்க’. குழந்தையிடம் கேட்பது ‘வணக்கம்’. குழந்தை யார் வாயிலும் அன்றாடம் கேட்காத ஒரு சொல்லை, மேடையில் மட்டுமே ஒலிக்கும் ஒரு சொல்லை, மிரண்டு நிற்கும் நேரத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் ‘வாங்க’ என்று சொல்லப் பழக்கினால் பாதி வேலை முடிந்துவிடும். சின்னச் சொல், தினமும் காதில் விழும் சொல், அதற்குள்ளேயே மரியாதை இருக்கும் சொல்.

கொங்குப் பகுதியில் பல வீடுகளில் குழந்தையிடமே “வாங்க கண்ணு, சாப்பிடுங்க கண்ணு” என்று பேசும் வழக்கம் இருக்கிறது. அந்தக் குழந்தைகளுக்கு ‘ங்க’ போட்டுப் பேசு என்று யாரும் பாடம் எடுப்பதில்லை. காதில் விழுந்ததே நாவில் வருகிறது. மற்ற ஊர்களில் ஒரு குழந்தை தாத்தாவைப் பார்த்து மகிழ்ச்சியோடு “வா தாத்தா” என்று சொன்னால், “வாங்கன்னு சொல்லணும்” என்று அதே இடத்தில் திருத்துகிறோம். முதல் முறையாகத் தானே முன்வந்து வரவேற்ற குழந்தைக்குக் கிடைத்தது ஒரு திருத்தம். “ஆமா, வாங்க தாத்தா” என்று நாம் சேர்ந்து சொன்னால் திருத்தமும் ஆயிற்று, வரவேற்பும் ஆயிற்று.

சொல்லைவிட முன்னால் குழந்தை படிப்பது நம் முகத்தையும் குரலையும். 1983-இல் சால் ஃபைன்மன், மைக்கேல் லூயிஸ் இருவரும் பத்து மாதக் குழந்தைகளிடம் ஓர் எளிய சோதனை செய்தார்கள். புதியவர் ஒருவர் வரும்போது, அவரைப் பற்றித் தாய் குழந்தையிடம் மலர்ந்த குரலில் பேசினால், சாதாரணக் குரலில் பேசியபோது காட்டியதைவிட அந்தக் குழந்தை அவரிடம் அதிக நட்புக் காட்டியது. விருந்தோம்பல் அதிகாரத்தில் வள்ளுவர் அனிச்சப் பூவோடு ஒப்பிட்டு விருந்தினர் வாடுவதாகச் சொல்வதும் முகம் மாறுவதைப் பற்றித்தான்; வாய்ச்சொல் தவறியதைப் பற்றி அன்று. “சொல்லுடா” என்று அம்மாவின் முகம் இறுகும்போது, வந்தவர் ஆபத்தானவர் என்ற செய்தியையே அந்த முகம் குழந்தைக்குச் சொல்கிறது. வரவேற்கச் சொல்லும் வாயும் அச்சம் ஊட்டும் முகமும் ஒன்றாக வந்தால், குழந்தை முகத்தைத்தான் நம்பும்.

மூன்றாவது ‘சொல்லு’

தூண்டுதலும் வற்புறுத்தலும் பிரியும் இடத்தைக் குரலின் உயரத்தை வைத்து அளக்க முடியாது. தேன் ஒழுகும் குரலிலும் வற்புறுத்தலாம். எண்ணிப் பார்க்கலாம். முதல் முறை ‘வாங்க சொல்லு’ என்பது குழந்தைக்குத் தகவல்: இப்போது சொல்ல வேண்டிய நேரம் வந்திருக்கிறது. சற்று இடைவெளி விட்டு வரும் இரண்டாவது முறை நினைவூட்டல், ஒருவேளை கவனிக்காமல் இருந்திருக்கலாம். மூன்றாவது முறையில் குழந்தைக்குத் தெரியாத எதுவும் இல்லை. அதில் மிஞ்சியிருப்பது அழுத்தம் மட்டுமே. அப்போது பேச்சு வந்தவரை விட்டு விலகி, பெற்றோர் சொல் எடுபடுமா எடுபடாதா என்பதற்குப் போய்விடுகிறது. பார்வையாளர் முன்னால் நடக்கும் அந்தப் போட்டியில் குழந்தை தோற்றாலும் நட்டம், வென்றாலும் நட்டம்.

இன்னொரு சோதனையும் உண்டு. குழந்தை சொல்லாவிட்டால் அடுத்து என்ன நடக்கும்? ஒன்றுமே நடக்காது, பேச்சு இயல்பாகத் தொடரும் என்றால் கேட்டது தூண்டுதல். சிரிப்போ, முகச்சுளிப்போ, ஒப்பீடோ, மிரட்டலோ வரும் என்றால் கேட்டது வற்புறுத்தல், எவ்வளவு மென்மையாகக் கேட்டிருந்தாலும். நம் வீடுகளில் இந்த அடுத்த கட்டம் பெரும்பாலும் வேடிக்கை வடிவில் வருகிறது. ‘ஊமையா நீ?’, ‘பூனை நாக்கைத் தூக்கிட்டுப் போயிடுச்சா?’, ‘அப்படின்னா உன்னைப் பூச்சாண்டிகிட்ட குடுத்துடவா?’ சொல்பவர் மனதில் கெடுதல் இல்லை. ஆனால் இரண்டு வயதில் கேலியைக் கேலியாகப் பிரித்தறியும் திறன் இல்லை. கூடத்தில் இருக்கும் பெரிய மனிதர்கள் எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

கென்னத் ரூபினும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத் தொடுகிறது. இரண்டு வயதில் ஒடுங்கும் இயல்புள்ள குழந்தைகளையும் அவர்களுடைய தாய்மாரையும் கவனித்து, அதே குழந்தைகளை நான்கு வயதில் மறுபடி பார்த்தார்கள். தாய் குறுக்கே புகுந்து ஒவ்வொன்றையும் தானே நடத்துபவராகவோ, குழந்தையை ஏளனமாகப் பேசுபவராகவோ இருந்த வீடுகளில்தான் இரண்டு வயதின் ஒடுக்கம் நான்கு வயதில் மற்றக் குழந்தைகளோடு சேராமல் விலகி நிற்பதாகத் தொடர்ந்தது. அப்படி இல்லாத வீடுகளில் அந்தத் தொடர்ச்சி வலுவாக இல்லை. வெளிநாட்டு ஆய்வு ஒன்றை அப்படியே நம் கூட்டுக் குடும்பங்களின் மேல் ஒட்டிவிட முடியாதுதான். ஆனால், கூச்சத்தைப் போக்குவதற்காக என்று சொல்லி நாம் செய்யும் கேலியும் தள்ளிவிடுதலுமே கூச்சத்தை நீட்டிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையைத் தள்ளிவிடவும் முடியாது.

லஞ்சம் கொடுப்பது இனிப்பான வற்புறுத்தல். ‘வணக்கம் சொன்னா சாக்லேட்’ என்பது உடனே பலிக்கும். ஃபீலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் தோமசெல்லோ இருவரும் 2008-இல் இருபது மாதக் குழந்தைகளிடம் பார்த்தது வேறு. கீழே விழுந்ததை எடுத்துக் கொடுத்து உதவியதற்குப் பொருள் பரிசு பெற்ற குழந்தைகள், பரிசு நின்ற பின், பாராட்டு மட்டும் பெற்றவர்களையும் எதுவும் பெறாதவர்களையும்விடக் குறைவாகவே உதவினார்கள். அது உதவி பற்றிய ஆய்வு, வணக்கம் பற்றியது அன்று. ஆனாலும் தானாக ஊறக்கூடிய ஒன்றுக்கு விலை வைத்தால் ஊற்று வற்றும் என்பது இங்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

தொடுதல் தனியாகப் பேச வேண்டியது. வாயால் ‘வாங்க’ சொல்லச் சொல்வதும், முத்தம் கொடுக்கச் சொல்வதும், மடிக்குப் போகச் சொல்வதும் ஒரே தட்டில் வைக்க வேண்டியவை அல்ல. முதலாவது மரியாதை. மற்றவை குழந்தையின் உடல். 2012-இல் போக்சோ சட்டம் வந்த பின் பதிவான வழக்குகளை ஆண்டுதோறும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தொகுக்கிறது. அந்த வழக்குகளில், பாலியல் வன்முறைக்கு உள்ளான குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவரை முன்பே அறிந்தவர்கள். உறவினரை எல்லாம் ஐயத்தோடு பார்க்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்று உடலை இழுத்துக்கொள்ளும் குழந்தையைப் பிடித்துத் தள்ளி ‘போ, மாமாதானே’ என்று சொல்லும்போது, தெரிந்தவரிடம் ‘வேண்டாம்’ செல்லாது என்று நாமே கற்பித்துவிடுகிறோம். நான்கு ஆண்டுகள் கழித்துப் பள்ளியில் அதற்கு நேர்மாறாகச் சொல்லித்தந்தால் எது நிற்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஒரே வருகையை இரண்டு விதமாக நடத்திப் பார்க்கலாம். காலை பதினொரு மணி, இரண்டேகால் வயதுக் குழந்தை கூடத்தில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறது. மணி அடிக்கிறது, அப்பாவின் நண்பரும் மனைவியும் வந்திருக்கிறார்கள். முதல் விதத்தில், குழந்தையைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோய், வந்தவர்கள் முகத்துக்கு நேரே நிறுத்தி, வணக்கம் கேட்கப்படுகிறது. அடுத்து ஷேக் ஹேண்ட். அடுத்து ‘ரைம்ஸ் சொல்லிக் காட்டு’. நான்காவது நிமிடத்தில் குழந்தை அழுகிறது. மீதி ஒரு மணி நேரமும் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. அம்மாவால் காபி போட முடியவில்லை.

இரண்டாம் விதத்தில், காலையிலேயே “சுந்தரி அத்தையும் மாமாவும் வரப்போறாங்க, நாம ரெண்டு பேரும் வாங்க சொல்லலாமா?” என்று சொல்லியாயிற்று. மணி அடித்ததும் குழந்தை இருக்கும் இடத்திலேயே இருக்கிறது, அல்லது அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. அம்மா “வாங்க, வாங்க” என்கிறார், கை கூப்புகிறார். குழந்தையைப் பார்த்து ஒருமுறை “வாங்க சொல்லலாமா?” என்கிறார். ஐந்து வரை மனதுக்குள் எண்ணும் நேரம் காத்திருக்கிறார். குழந்தை ஒடுங்குகிறது. “நாங்க ரெண்டு பேரும் உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தோம்” என்று குழந்தைக்கும் சேர்த்துத் தானே சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்கிறார். வந்தவர்கள் உட்கார்ந்து பெரியவர்களோடு பேசுகிறார்கள், குழந்தையை உற்றுப் பார்ப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்க்கும். பிறகு ஒரு கட்டை வந்தவரின் காலடியில் வைக்கப்படும். அதுதான் அந்தக் குழந்தையின் ‘வாங்க’. அதை வாங்கிக்கொண்டு “அட, எனக்கா?” என்று கேட்பவரிடம் குழந்தை பேசும்.

கிளம்பும்போது இன்னும் எளிது. வந்த நேரத்தில் வாய் திறக்காத குழந்தை, விடைபெறும்போது வாசல்வரை ஓடிவந்து டாட்டா காட்டுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பழகிவிட்டது, பதற்றம் போய்விட்டது. வரவேற்கப் பழக்குவதை வழியனுப்புவதிலிருந்து தொடங்குவது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

சில மறுப்புகள்

“நாங்களும் இப்படித்தான் வளர்ந்தோம், கெட்டா போயிட்டோம்?” என்பது அடிக்கடி வரும் மறுப்பு. கெட்டுப்போகவில்லைதான். ஆனால் சூழல் வேறு. தெருவே உறவாக இருந்த ஊர்களில், வருகிறவர் முகம் குழந்தைக்கு முன்பே பழகியிருக்கும். திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்த பிறகுதான் உள்ளே வருவார். இன்று அடுக்குமாடி வீட்டில் மூன்று பேரோடு வளரும் குழந்தைக்கு, மணி அடித்த அடுத்த நொடியில் நான்கு புது முகங்கள் கூடத்துக்குள் வந்துவிடுகின்றன. திண்ணை தந்த அவகாசத்தை இப்போது நாம்தான் உண்டாக்கித் தர வேண்டியிருக்கிறது.

“இப்படி விட்டால் செல்லம் கொடுத்துக் கெடுத்ததாகும்” என்பது இன்னொன்று. இதில் பாதி உண்மை இருக்கிறது. யார் வந்தாலும் குழந்தையை உள்ளறைக்கு அனுப்பிவிடுவதும், ‘இவனுக்குக் கூச்சம், விட்டுடுங்க’ என்று ஒவ்வொரு முறையும் முந்திக்கொள்வதும் குழந்தைக்கு நல்லதல்ல. புதியவர்களிடம் அச்சம் தணிவது அவர்களோடு பாதுகாப்பாக இருந்து பார்ப்பதால்தான். முழுக்க ஒளித்துவைத்தால் அந்த வாய்ப்பே போய்விடும். ‘கூச்ச சுபாவம்’ என்று குழந்தை காதுபட ஒட்டும் பெயரும் நாளடைவில் அதன் சட்டையாகிவிடும். ‘இன்னும் கொஞ்ச நேரத்துல பேசுவான்’ என்பதில் அந்த ஆபத்து இல்லை. குழந்தை கூடத்திலேயே இருக்க வேண்டும், பெரியவர் மடியில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பேச வேண்டிய கட்டாயம் மட்டும் இருக்கக் கூடாது.

“வந்தவர் என்ன நினைப்பார்?” என்பதே பல வீடுகளில் உண்மையான காரணம். குழந்தை பேசாவிட்டால் வளர்ப்பு சரியில்லை என்று பேர் வரும், அந்தப் பேர் பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழும். இந்தப் பாரத்தைப் பெற்றோர் மட்டும் இறக்கிவைக்க முடியாது. விருந்தினரும் கை கொடுக்க வேண்டும்.

செய்யக்கூடியவை

வரவேற்கும் பழக்கத்தை விருந்தினர் இல்லாத நேரத்தில் விளையாட்டாக்குங்கள். பொம்மை கதவைத் தட்டட்டும், குழந்தை ‘வாங்க’ சொல்லட்டும், சொப்புப் பாத்திரத்தில் காபி கொடுக்கட்டும். அலுவலகத்திலிருந்து திரும்பும் அப்பாவுக்குத் தினமும் வாசலில் ‘வாங்க’ கிடைக்கட்டும். அப்பாவும் குழந்தையைப் பார்த்து அதையே சொல்லட்டும். சாமி அறையில் கை கூப்பும் குழந்தைக்கு அந்தக் கை ஏற்கெனவே பழக்கம். பேச்சு வராத நேரத்தில் கூப்பிய கையோ, தலையசைப்போ, ஒரு புன்னகையோ போதும். தண்ணீர் செம்பை எடுத்துக்கொண்டு அம்மாவோடு கூடவே வருவதும் வரவேற்புதான். இரண்டு வயதுக் கை ஒரு பிஸ்கட் தட்டை நீட்டும்போது அதற்கு வாய்ச்சொல் தேவைப்படுவதில்லை.

வாசலில் ஒரு முறை கேளுங்கள், காத்திருங்கள், வராவிட்டால் குழந்தைக்காக நீங்களே சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். வந்துவிட்டால் கைதட்டிக் கொண்டாட வேண்டாம். எல்லோர் கண்ணும் மறுபடி தன் மேல் விழுவது ஒடுங்கும் குழந்தைக்குத் தண்டனை போல இருக்கும். இரவில் தூங்கப் போகும்போது “இன்னைக்கு மாமாகிட்ட கட்டை குடுத்தேல்ல, அவங்களுக்கு ரொம்பச் சந்தோஷம்” என்று சொன்னால் போதும். முத்தம், மடி, தூக்குதல் மூன்றும் குழந்தை விரும்பினால் மட்டும். அதற்கு மாற்றாகக் கைதட்டிக்கொள்வதா, கையசைப்பதா என்று குழந்தையையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து வீடியோ அழைப்பில் வரும் தாத்தா பாட்டிக்கும் இதே முறைதான். ‘ஹாய் சொல்லு’ என்று போனை முகத்தில் நீட்டுவதற்குப் பதில், குழந்தை விளையாடுவதைக் காட்டி அவர்களோடு நீங்கள் பேசினால், சற்று நேரத்தில் குழந்தையே திரைக்கு வரும்.

விருந்தினராகப் போகும்போது முதல் பத்து நிமிடம் குழந்தையைத் தூக்காதீர்கள், கன்னத்தைக் கிள்ளாதீர்கள், ‘என்னைத் தெரியலையா?’ என்று கேட்காதீர்கள். தரையில் உட்கார்ந்தால் உயரம் குறையும். குழந்தை கையில் இருக்கும் பொருளைப் பற்றிப் பேசுங்கள், பதில் எதிர்பார்க்காமல். பெற்றோர் இரண்டாம் முறை ‘சொல்லு’ என்று தொடங்கும்போது, “மெதுவாப் பேசட்டும், நான் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கத்தானே போறேன்” என்று சொல்ல அந்த அறையில் உரிமை உள்ள ஒரே ஆள் நீங்கள்தான். அந்த ஒரு வாக்கியம் தாயின் தலையிலிருந்து பாரத்தை இறக்கிவிடும்.

அங்கன்வாடியிலும் மழலையர் பள்ளியிலும் அதிகாரிகளோ பெற்றோரோ வரும்போது எல்லாக் குழந்தைகளும் எழுந்து ஒரே குரலில் வணக்கம் சொல்லும் வழக்கம் இருக்கிறது. கூட்டத்தோடு சொல்வதில் சில குழந்தைகளுக்குத் துணிச்சல் வரும், அது நல்லதே. ஆனால் வாய் திறக்காத குழந்தையைத் தனியாக நிறுத்திச் சொல்ல வைக்கக் கூடாது என்று ஆசிரியர் பயிற்சியில் சேர்க்க வேண்டும்.

கூச்சம் என்று நினைத்து விட்டுவிடக் கூடாத சில அடையாளங்களும் உண்டு. ஒன்றரை வயதிலும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருப்பது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல் இருப்பது, இரண்டு வயதிலும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாமல் இருப்பது. இவை வீட்டு மனிதர்களிடமும் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாவட்டங்களில் அரசு நடத்தும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களிலும் பரிசோதிக்கலாம். வீட்டில் நன்றாகப் பேசும் குழந்தை மழலையர் பள்ளியில் சேர்ந்து முதல் மாதம் கடந்த பின்னும் அங்கே ஒருவரிடமும் ஒரு சொல்லும் பேசவில்லை என்றால், அதுவும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியதே. ஆசிரியரிடம் ‘கண்டிச்சுப் பேச வையுங்க’ என்று சொல்லிவிட்டு வருவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.